எழுதாத கையைக் கவனியுங்கள்: பரீட்சைக் காலத்து நகக்கடியும் நகத்தோரப் புண்ணும்

பல்தேர்வு வினாத்தாள் செய்துகொண்டிருக்கும் ஏ.எல். மாணவர் ஒருவரைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். வலக்கையில் பேனை இருக்கிறது. இடக்கைக்கு வேலை இல்லை. வினாவை வாசித்து ஐந்து விடைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் நேரத்தில், இடக்கைச் சுட்டுவிரல் அதே கையின் பெருவிரல் ஓரத்தைத் தடவுகிறது. எங்கோ ஒரு தோல் பிசிறு தட்டுப்படுகிறது. சுட்டுவிரல் அதைக் கிள்ளிப் பார்க்கிறது, பிடி கிடைக்கவில்லை. உடனே பெருவிரல் வாய்க்குப் போய்விடுகிறது. இவ்வளவும் நடந்தது மாணவருக்கே தெரியாது. எரியத் தொடங்கும்போதுதான் தெரியும்.

பரீட்சைப் பயத்தால் நகம் கடிக்கிறார்கள் என்று சொல்வது பாதி உண்மை. பதற்றமும் அலுப்பும் கையைக் கிளப்பிவிடும். ஆனால் அந்தக் கை எந்த விரலுக்குப் போகிறது, ஏன் திரும்பத் திரும்ப அதே இடத்துக்குப் போகிறது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தப் பிசிறுதான். கடித்ததால் பிசிறு வருகிறது, பிசிறு இருப்பதால் மறுபடியும் கடிக்கிறோம். ஆகவே பரீட்சை முடியட்டும், பயம் போகட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. விரலில் தட்டுப்பட ஒன்றும் இல்லாமல் செய்வதை இன்றிரவே தொடங்கலாம்.

பிசிறு என்பது நகம் அல்ல

நகத்தின் இரு பக்கமும் தோல் மடிந்து ஒரு வரம்பு போல நிற்கும். நகம் தொடங்கும் அடிப்பக்கத்தில் மெல்லிய தோல் ஒன்று நகத்தோடு ஒட்டியிருக்கும். அந்த அடித்தோலின் வேலை அடைப்பு. நகத்துக்கும் தோலுக்கும் நடுவில் தண்ணீரும் கிருமியும் போகாமல் அது மூடி வைத்திருக்கிறது. அதைப் பல்லால் உரிப்பதும் நகத்தால் தள்ளிவிடுவதும் அந்த அடைப்பைத் திறந்துவிடுவதற்குச் சமம்.

பக்க வரம்பின் மேல்தோல் காய்ந்து பிளந்து, ஒரு முனை கிளம்பி நிற்பதுதான் பிசிறு. அதன் மேல்முனை செத்த தோல், அடிமுனை உயிருள்ள தோலோடு இணைந்திருக்கிறது. பிடித்து இழுத்தால் செத்த பகுதி மட்டும் வராது. கிழிசல் அடியை நோக்கி ஓடி, நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள இடம்வரை போகும். ஒரு மில்லிமீற்றர் பிசிறுக்காக அரை சென்ரிமீற்றர் புண் வருவது இப்படித்தான்.

திருகோணமலையில் தோல் காய்வதற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். ஆண்டின் நடுப்பகுதியில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உதடும் விரலோரமும் சேர்ந்தே வெடிக்கும். கடலில் குளித்துவிட்டு நல்ல தண்ணீரில் கழுவாமல் விட்டால் உப்புக் காய்ந்து தோலை இன்னும் இறுக்கும். உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தாலேயே கை கழுவுவதும், கையைத் தொற்றுநீக்கித் திரவத்தால் அடிக்கடி துடைப்பதும் தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும். வாயில் வைப்பதும் அப்படித்தான். எச்சில் தோலை ஊறவைக்கிறது, பிறகு காயும்போது வெடிக்க வைக்கிறது. கடிக்கும் விரல் எப்போதும் சொரசொரப்பாக இருப்பதற்கு இதுவே காரணம்.

முதல் இரவு: வெட்டுதல், அராவுதல், பூசுதல்

தேவையானவை சின்ன நகவெட்டி அல்லது கூரான சிறு கத்தரிக்கோல், நக அரம், பாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் கொஞ்சம், வாசனை சேர்க்காத வஸ்லின், அரை அங்குல அகலமான கடதாசிப் பிளாஸ்டர். நகவெட்டியை வீட்டில் எல்லோரோடும் பங்கு போடாமல் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. நகவெட்டியின் வாயை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள்.

இளஞ்சூடான தண்ணீரில் விரல்களை ஐந்து நிமிடம் வைத்து, துவாயால் ஒற்றி எடுங்கள். பிசிறு இப்போது மெதுவாகி, எது செத்தது எது உயிருள்ளது என்று நிறத்திலேயே தெரியும். ஊறிய செத்த தோல் வெள்ளையாக இருக்கும், உயிருள்ளது இளஞ்சிவப்பாக இருக்கும். நகவெட்டியைத் தோலோடு கிடையாக வைத்து, வெள்ளை முடிகிற இடத்துக்குச் சற்று முன்பே வெட்டுங்கள். வெட்டும்போது இழுக்காதீர்கள். நகவெட்டி மழுங்கி இருந்தால் வெட்டாமல் பிய்த்துக்கொண்டு வரும். அப்படியானால் அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். அடியில் ஒரு துளி மிஞ்சினால் பரவாயில்லை, அது தானாக உதிரும். அடியோடு எடுக்க வேண்டும் என்று தோண்டுவதுதான் பலரும் விடும் பிழை.

நகத்தின் நுனியை வெட்ட வேண்டாம், அரத்தால் மட்டும் தேயுங்கள். கடிபட்ட நகத்தில் ஏற்கெனவே வெட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. ஆனால் பல் பட்ட இடத்தில் சின்னச் சின்ன முட்கள் நிற்கும், நாக்கு தேடிப்போவது அவற்றைத்தான். அரத்தை ஒரே திசையில், ஓரத்தில் இருந்து நடுவை நோக்கி இழுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் நகம் ஏடு ஏடாகப் பிரியும். தேய்த்த பிறகு நுனியைப் பருத்தித் துணியில் உரசிப் பாருங்கள். நூல் சிக்கினால் இன்னும் முள் இருக்கிறது.

கடைசியாக வஸ்லின். இரண்டு கைக்கும் சேர்த்து ஒரு பயறளவு எடுத்தால் போதும். அடித்தோலிலும் பக்க வரம்பிலும் மட்டும் தேய்த்துவிட்டுப் படுங்கள். வஸ்லின் தோலுக்குள் போய்ச் சத்துக் கொடுப்பதில்லை. தோலில் உள்ள ஈரம் வெளியே போகாமல் மூடி வைக்கிறது, அவ்வளவுதான். அதனால் கை கழுவி ஒற்றியவுடன், தோலில் ஈரப்பசை இருக்கும்போதே பூச வேண்டும். பகலில் வஸ்லின் பூசிக்கொண்டு எழுத உட்கார்ந்தால் கொப்பி முழுக்க எண்ணெய்க் கறை, அதன்மேல் மையும் பிடிக்காது. பகலுக்குத் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டுத் தேய்த்து, இரண்டு நிமிடம் விட்டுத் துடைத்துவிட்டு எழுதலாம்.

ஏற்கெனவே கிழிந்து இரத்தம் காட்டும் விரலைச் சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவி, வஸ்லின் பூசி, பிளாஸ்டர் போடுங்கள். கிருமிநாசினித் திரவத்தைத் தினமும் ஊற்ற வேண்டாம், அது எரிச்சலையும் வறட்சியையும் கூட்டும். மேலோட்டமான கிழிசல் தொடாமல் விட்டால் ஒரு கிழமைக்குள் மூடிவிடும். பிளாஸ்டர் நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். ஈரப் பிளாஸ்டருக்குள் இருக்கும் தோல் வெளுத்து ஊறி, அடுத்த பிசிறுக்கு ஆயத்தமாகும்.

கை எப்போது எழும்புகிறது என்று கண்டுபிடித்தல்

பழக்கத்தை மாற்றும் முறை ஒன்றை அசிரின், நன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1973 இல் வெளியிட்டார்கள். நகக்கடி போன்ற பழக்கங்களுக்கு இன்றும் அடிப்படையாக இருப்பது அதுதான். அதன் சாரம் இரண்டு படி. முதலில் கை எழும்புவதைப் பிடிக்கப் பழக வேண்டும், பிறகு அந்தக் கைக்கு அதே நேரத்தில் வேறு வேலை கொடுக்க வேண்டும். முதற்படியைத் தாண்டிக் குதிப்பவர்களே அதிகம். தெரியாமல் நடப்பதை மனவுறுதியால் தடுக்க முடியாது. தடுப்பதற்கு முதலில் அது கண்ணில் பட வேண்டும்.

இதற்கு வினாத்தாளே போதும். கை முகத்துக்குப் போனதையோ விரல் விரலைக் கிள்ளியதையோ கவனித்த ஒவ்வொரு முறையும், அப்போது செய்துகொண்டிருந்த வினாவின் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அன்றைக்கு வேறொன்றும் செய்ய வேண்டாம், நிறுத்தவும் முயல வேண்டாம்.

உப்புவெளியில் இருந்து படிக்கும் உயிரியல் பிரிவு மாணவி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இரவு 7 மணிக்கு இரசாயனவியல் பழைய வினாத்தாளின் முதற் பகுதியை எடுக்கிறார். 50 வினா, 2 மணித்தியாலம். முடிவில் எண்ணினால் 14 புள்ளிகள். முதற் பத்து வினாக்களில் ஒன்று, அடுத்த பத்தில் இரண்டு, 21 தொடக்கம் 30 வரை மூன்று, 31 தொடக்கம் 40 வரை ஆறு, கடைசிப் பத்தில் இரண்டு.

அந்த ஆறுதான் விசயம். 31 தொடக்கம் 40 வரையான வினாக்களில் நான்கு கூற்றுகளை வாசித்து, எவை சரி என்று மனதில் வைத்துக்கொண்டு, (a), (b) மட்டுமா, (b), (c) மட்டுமா என்று அறிவுறுத்தல் அட்டவணையோடு பொருத்த வேண்டும். பேனைக்குக்கூட வேலை இல்லாத நேரம் அது. கணக்குச் செய்யும் வினாக்களில் இடக்கை தாளைப் பிடித்திருக்கும், வலக்கை எழுதும், புள்ளியும் குறைவு. இந்த மாணவியின் கையைக் கிளப்புவது கஷ்டமான வினா அல்ல, எழுதாமல் வாசிக்கும் வினா.

இது தெரிந்துவிட்டால் மாற்றம் சின்னது. வாசிக்கும் கூற்றின் கீழே இடக்கைச் சுட்டுவிரலை வைத்து நகர்த்துவது, ஒவ்வொரு கூற்றையும் வாசித்து முடித்தவுடன் பக்கத்தில் சரி அல்லது பிழை அடையாளம் இடுவது. இரண்டு கைக்கும் வேலை கிடைத்துவிட்டது. மனதில் சுமக்க வேண்டியதும் குறைகிறது, அது மேலதிக இலாபம்.

வேறொருவரின் புள்ளிகள் வேறு இடத்தில் குவியும். தொலைபேசியில் காணொளி வகுப்புப் பார்க்கும் நேரம், பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம், பெறுபேறு பற்றி வீட்டில் கதை வரும் நேரம். இரண்டு மூன்று நாள் புள்ளி வைத்துப் பார்க்காமல் ஊகித்தால் பெரும்பாலும் பிழைத்துப்போகும்.

பொத்திய கை

கை எழும்பிவிட்டது, நெஞ்சுக்கு மேலே வந்துவிட்டது என்று உணர்ந்த கணத்தில் செய்ய வேண்டியது இது. பெருவிரலை உள்ளே வைத்து மற்ற நான்கு விரல்களாலும் மூடி, கையைப் பொத்தி மேசையிலோ மடியிலோ வையுங்கள். இறுக்கி நெரிக்க வேண்டாம், ஒரு முட்டையைப் பிடிக்கும் அளவு அழுத்தம் போதும். குறைந்தது ஒரு நிமிடம், உந்துதல் அடங்காவிட்டால் மூன்று நிமிடம்வரை. மற்றக் கை எழுதிக்கொண்டே இருக்கலாம். விரல் ஏற்கெனவே வாய்க்குள் போயிருந்தாலும் எடுத்துவிட்டு இதையே செய்யுங்கள். இந்த முறை தோற்றுவிட்டது என்று அதை விட்டுவிடுவதால்தான் ஒரு கடி பத்துக் கடி ஆகிறது.

ஒரு நிமிடம் என்பதில் காரணம் இருக்கிறது. கடிக்க வேண்டும் என்ற உந்துதல் எழும்பி, உச்சம் போய், தானே இறங்கும். பத்து விநாடியில் கையைத் திறந்தால் உச்சத்திலேயே திறந்துவிடுகிறோம். பிசைகிற பந்து, சாவிக்கொத்து, இறப்பர் வளையம் எல்லாம் வீட்டில் நல்லவைதான். ஆனால் பரீட்சை மண்டபத்துக்குக் கொண்டுபோகத் தேவையில்லாததும், பக்கத்துக் கதிரைக்காரர் கவனிக்காததும் பொத்திய கை மட்டுமே. வீட்டில் பழகியதுதான் மண்டபத்திலும் வரும்.

படிக்கும்போது மட்டும், அதிகம் கடிபடும் ஒன்றிரண்டு விரல்களின் நுனியில் கடதாசிப் பிளாஸ்டரை ஒரு சுற்றுச் சுற்றிவிடுவது இந்தப் பயிற்சிக்கு உதவும். அது பூட்டு அல்ல, மணி. உதட்டில் தோலுக்குப் பதிலாகக் கடதாசி பட்டவுடன் நினைவு வரும். விரல் நுனி நீலம் பாரித்தாலோ துடித்தாலோ இறுக்கம் கூடிவிட்டது, அவிழ்த்துச் சுற்றுங்கள்.

வீட்டாரின் பங்கு பற்றி ஒரு வார்த்தை. “எத்தனை தரம் சொல்லுறது, கையை எடு!” என்று அம்மா கத்துவதாலும் கையில் தட்டுவதாலும் பிள்ளை கடிப்பதை விடுவதில்லை, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கடிக்கிறது. முன்கூட்டியே பேசி வைத்த ஒரு சொல் போதும். “பிள்ளை, கை” என்று மெதுவாக ஒரு தரம், அதற்கு மேலே ஒன்றும் இல்லை. அந்தச் சொல் எதுவென்று பிள்ளையே தீர்மானிக்கட்டும்.

வேப்பெண்ணெய், வேப்பிலைச் சாறு, கடையில் விற்கும் கசப்புப் பூச்சு ஆகியவை சிலருக்கு உதவும், ஆனால் அவையும் நினைவூட்டல்தான். கழுவினால் போய்விடும். கையால் சோறு பிசைந்து சாப்பிடும் நமக்கு வலக்கையில் அவை சரிவராது. கடிபடுவது இடக்கைதான் என்றால் அங்கே நகத்தின் மேல் மட்டும் பூசலாம், கிழிந்த தோலில் வேண்டாம். மிளகாய்த்தூள் தடவுவது வேண்டவே வேண்டாம். அந்த விரல் கண்ணுக்கும் போகும்.

இவ்வளவும் செய்தும் விரல்கள் ஓயாமல் இரத்தம் வரும் நிலையில் இருந்தால், அல்லது நித்திரையும் சாப்பாடும் குழம்பும் அளவுக்குப் பதற்றம் இருந்தால், விரலோடு நிற்காமல் வைத்தியரிடம் அதைப் பற்றியும் பேச வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண்ணுக்கு அழைத்தும் கதைக்கலாம்.

நகச்சுத்து வந்துவிட்டால்

கிழித்த இடத்தில் ஒன்றிரண்டு நாளில் நகத்தோரம் சிவந்து, சூடாகி, தொட்டால் நோகத் தொடங்கினால் அது நகச்சுத்து. தோலில் வழமையாக இருக்கும் கிருமிகளும் வாயில் இருக்கும் கிருமிகளும் திறந்த அடைப்பு வழியாக உள்ளே போயிருக்கின்றன.

ஆரம்பத்தில் செய்ய வேண்டியது சுடுதண்ணீர் ஒற்றடம்தான். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் இதமான தண்ணீரை அள்ளி ஊற்றும்போது கைக்கு எப்படி இருக்குமோ அந்தச் சூடு போதும். கொதிக்க வேண்டியதில்லை. சுத்தமான பாத்திரத்தில் விரலை 10 தொடக்கம் 15 நிமிடம் வைத்து, ஒற்றி உலர்த்துங்கள். நாளைக்கு மூன்று நான்கு தரம். சூடு இரத்த ஓட்டத்தைக் கூட்டி வலியையும் வீக்கத்தையும் குறைக்கிறது. சீழ் மேலோட்டமாக இருந்தால் தானாக வெளியேறவும் வழி விடுகிறது. ஊசியால் குத்துவதோ பல்லால் நெரிப்பதோ கிருமியை ஆழத்துக்குத் தள்ளும்.

விரலைத் தேசிக்காய்க்குள் சொருகி வைப்பது நம் வீடுகளில் வழமை. குளிர்ச்சியால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கலாம். ஆனால் கிழிந்த தோலில் புளி எரியும், மணிக்கணக்கில் ஈரத்தில் மூடிக் கிடக்கும் தோல் ஊறிப்போகும், உள்ளே சேர்ந்த சீழ் அப்படியே இருக்கும். அந்த நேரத்தை ஒற்றடத்துக்குக் கொடுப்பதே மேல்.

இரண்டு நாள் ஒற்றடத்திலும் குறையவில்லை, தோலுக்கு அடியில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ சீழ் தெரிகிறது என்றால் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கோ பக்கத்து வைத்தியரிடமோ போங்கள். சீழைச் சின்னக் கீறலால் வெளியேற்றினால் வலி சீக்கிரம் இறங்கும். சீழ் தேங்கி நிற்கும்போது மாத்திரை மட்டும் விழுங்கிப் பலன் குறைவு. போன முறை மிஞ்சிய அன்ரிபயோற்றிக்கைத் தேடி எடுக்கவும் வேண்டாம்.

சில நிலைகளில் அந்த இரண்டு நாளும் காத்திருக்கக் கூடாது. சிவப்பு விரல் மூட்டைத் தாண்டி ஓடுவது, கையில் சிவப்புக் கோடு தெரிவது, காய்ச்சல், விரலை மடக்க முடியாத வலி, விரல் நுனியின் சதைப்பக்கம் கல்லுப்போல இறுகித் துடிப்பது, நீரிழிவு இருப்பது ஆகியவை அவை. சிவந்த இடத்தில் சின்னச் சின்ன நீர்க் கொப்புளங்கள் கூட்டமாக வந்தால் அது வைரசுத் தொற்றாக இருக்கலாம். உதட்டில் கொப்புளம் இருக்கும்போது விரல் கடித்தால் இப்படி வரும். அதைக் கீறக் கூடாது, வைத்தியர் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

மூன்றாவது கிழமையில் வரும் சறுக்கல்

கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வளரும். அடியில் இருந்து நுனிவரை முழு நகமும் மாற நான்கு தொடக்கம் ஆறு மாதம் ஆகும். அதனால் ஒரு மாதம் நன்றாகப் போனாலும் நகம் குட்டையாகவே தெரியும். பெருவிரல் அடித்தோலைச் சுட்டுவிரலால் தள்ளிக்கொண்டே இருந்தவர்களுக்கு நகத்தின் நடுவில் ஏணிப்படி போலக் குறுக்கு வரிகள் இருக்கும். தள்ளுவதை நிறுத்தினால் அவையும் நகத்தோடு சேர்ந்து மேலேறிப் போகும், அதற்கும் அதே மாதங்கள் தேவை.

சறுக்கல் பெரும்பாலும் வெள்ளை ஓரம் சற்றுத் தெரியும்போது வரும். புதிதாக வளர்ந்த நுனி மேசை விளிம்பிலோ உடுப்பிலோ பட்டு ஒரு மூலையில் வெடிக்கும். அந்த ஒரு மூலையைச் ‘சமப்படுத்த’ விரல் வாய்க்குப் போகும், அரை மணித்தியாலத்தில் பத்து நகமும் சமமாகிவிடும். இதைத் தடுக்கப் பேனைப் பெட்டியில் ஒரு நக அரம் இருந்தால் போதும். வெடித்த மூலையை உடனே மூன்று நான்கு இழுப்பில் தேய்த்துவிடலாம். மற்றபடி இரண்டு நாளுக்கு ஒரு முறை எல்லா நுனிகளையும் துணியில் உரசிப் பார்த்து, சிக்குவதை மட்டும் அராவுங்கள். வெட்டும்போது ஒரு மில்லிமீற்றர் வெள்ளையை விட்டு வெட்டுங்கள். சதையோடு ஒட்ட வெட்டினால் மூலையில் முள் மிஞ்சும், விரல் மறுபடியும் அதைத் தேடும்.